சரியாத சரிவு

பிரிட்டனில் 2012-இல் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியில் இருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று, ராட்கிளிஃப்-ஆன்-சோரில் இருந்த கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்தைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகைப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். கீழிருந்து மேலாக வண்ணப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். இடமிருந்து வலமாக ஆண்டுகள் ஓடும். அடுக்குப் பரப்பு வரைபடம் என்பது அதன் பெயர். எக்செலில் 'ஸ்டாக்டு ஏரியா' என்று இருப்பதும் இதுதான்.

பார்க்க அழகான படம். மொத்தம் எவ்வளவு, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். சிக்கல் உள்ளே இருக்கிற பட்டைகளில். பிரிட்டனின் எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

சூரிய ஒளி, உயிர்க்கழிவு போன்றவற்றை விட்டுவிட்டு நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடியில் அணுமின்சாரம், அதன்மேல் நிலக்கரி, அதன்மேல் எரிவாயு, உச்சியில் காற்றாலை. அளவு டெராவாட் மணியில். நம் மின் கட்டணத்தில் வரும் யூனிட் 100 கோடி சேர்ந்தால் ஒரு டெராவாட் மணி. கீழே வருகிற எண்கள் எல்லாம் முழு எண்ணாக்கியவை.

2012-இல் அணு 70, நிலக்கரி 143, எரிவாயு 100, காற்று 20. மூன்று ஆண்டு கழித்து 2015-இல் அணு அதே 70. நிலக்கரி 76 ஆகிவிட்டது. எரிவாயு அதே 100. காற்று இரண்டு மடங்காகி 40. அதாவது இந்த மூன்று ஆண்டில் நடந்தவை இரண்டு: நிலக்கரி பாதியானது, காற்று இரட்டித்தது. எரிவாயு இருந்த இடத்திலேயே இருந்தது. இடைப்பட்ட 2013, 2014-இலும் அது 96, 101 என்றுதான் இருந்தது.

இப்போது படத்தில் எரிவாயுப் பட்டையைத் தேடுங்கள். 2012-இல் அதன் கீழ் விளிம்பு 213-இல் இருக்கிறது. அணுவும் நிலக்கரியும் சேர்ந்த உயரம் அது. மேல் விளிம்பு 313. 2015-இல் கீழ் விளிம்பு 146, மேல் விளிம்பு 246. தடிமன் இரண்டு ஆண்டிலும் 100தான். ஆனால் பட்டை முழுவதுமாக 67 அளவு கீழே இறங்கியிருக்கிறது. பார்க்கிறவர் கண்ணில் படுவது ஒரு சரிவு. "எரிவாயுவும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது" என்று அவர் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது.

திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா குனிந்தால் பிள்ளையின் தலையும் இறங்கும். அதற்காகப் பிள்ளை குள்ளமாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அங்கே அப்பாவும் பிள்ளையும் தனித்தனி ஆட்கள் என்பது நமக்குத் தெரியும். படத்தில் அந்த உதவி இல்லை. பட்டையின் மேல் கோடுதான் அழுத்தமாகத் தெரிகிறது, கண் அதைப் பிடித்துக்கொண்டு போகிறது.

காற்றாலையின் கதி இன்னும் மோசம். அதன் மேல் விளிம்பு 2012-இல் 333, 2015-இல் 286. உற்பத்தி இரண்டு மடங்கு ஆன பட்டையின் உச்சிக் கோடு மூன்று ஆண்டும் தொடர்ந்து இறங்குகிறது!

அடுத்த ஆண்டு வேடிக்கை தலைகீழாகிறது. கரியமில வாயுவுக்கு பிரிட்டன் அரசு 2013 ஏப்ரலில் ஒரு கூடுதல் வரி போட்டிருந்தது. 2015 ஏப்ரலில் அதை டன்னுக்குச் சுமார் 18 பவுண்டாக ஏற்றியது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. எரிவாயு விலையும் இறங்கியிருந்த நேரம். நிலக்கரியை எரிப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. ஸ்காட்லாந்தின் லாங்கனெட் போன்ற பெரிய நிலையங்கள் 2016-இல் மூடப்பட்டன. அந்த ஒரே ஆண்டில் நிலக்கரி மின்சாரம் 76-இலிருந்து 31-க்கு விழுந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது எரிவாயு: 100-இலிருந்து 143-க்குத் தாவியது. அணு 72.

இந்தத் தாவல் படத்தில் எப்படித் தெரிகிறது? 2016-இல் எரிவாயுவின் மேல் விளிம்பு 72, 31, 143 ஆகிய மூன்றின் கூட்டல். கூட்டிப் பாருங்கள்: 246. முந்தைய ஆண்டும் 246தான். நாற்பது சதவீதத்துக்கும் மேல் வளர்ந்த ஒரு பொருளின் மேல் கோடு தட்டையாகக் கிடக்கிறது. வளர்ச்சி முழுவதும் கீழ்ப்பக்கமாக நடந்திருக்கிறது. பட்டை விரிவதைக் கவனிக்கலாம்தான். ஆனால் பெரும்பாலானோர் அதை "நிலக்கரி விழுந்தது" என்றே படிப்பார்கள், ஏனென்றால் அங்கே நகர்கிற ஒரே கோடு நிலக்கரியின் மேல் கோடு. அதே கோடு எரிவாயுவின் கீழ் கோடும்தான் என்பதை நினைவில் வைத்துப் படிப்பது எளிதல்ல.

ஆக, எரிவாயு அசையாமல் இருந்த மூன்று ஆண்டில் அது சரிவதாகத் தோன்றுகிறது; அது பாய்ந்த ஆண்டில் அசையாமல் இருப்பதாகத் தோன்றுகிறது. எண்களில் பிழையில்லை, படம் போட்டவர் ஏமாற்றவும் இல்லை.

இதற்குக் காரணம் கண் அளவிடும் முறை. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. ஒரே அடிக்கோட்டிலிருந்து புறப்படும் அளவுகளை ஒப்பிடுவதில் மனிதக் கண் மிகத் துல்லியமானது. அடிக்கோடு வெவ்வேறு இடத்தில் இருக்கும் நீளங்களை ஒப்பிடச் சொன்னால் துல்லியம் குறைகிறது. அடுக்கு வரைபடத்தில் சமமான தரையில் நிற்பது அடிப்பட்டை ஒன்றுதான். அதுவும் மொத்தத்தைக் காட்டும் உச்சிக் கோடும் மட்டுமே பூஜ்யத்திலிருந்து அளக்கப்படுகின்றன. நடுவில் இருக்கிற ஒவ்வொன்றும் ஏறி இறங்குகிற தரையில் நிற்கிறது.

அந்த ஆய்வில் அவர்கள் காட்டிய ஒரு பழைய படம் சுவையானது. வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட வணிக வரைபட நூலில், இங்கிலாந்துக்கும் கிழக்கிந்தியப் பகுதிக்கும் இடையிலான வணிகத்துக்கு ஒரு படம் உண்டு. ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் வணிகப் பற்றாக்குறை. அந்த இடைவெளியைத் தனியாக அளந்து வேறொரு கோடாகப் போட்டபோது, 1760-ஐ ஒட்டி அது சட்டென்று உயர்ந்து இறங்கியிருப்பது தெரிந்தது. மூலப் படத்தில் அதே மேடு கண்முன்னேதான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் படாது. அங்கே இரண்டு கோடுகளும் செங்குத்தாக ஏறுகின்றன.

செங்குத்தாக ஏறுகிற இடத்தில் ஏன் ஏமாறுகிறோம்? ஒரு பட்டையின் அளவு என்பது மேலிருந்து நேர் கீழாக அளக்க வேண்டிய தூரம். நாம் அப்படிப் பார்ப்பதில்லை. சாய்ந்து போகிற பட்டையை அதன் குறுக்காக, இரண்டு விளிம்புக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரமாகப் பார்க்கிறோம். பட்டை 45 பாகை சாய்ந்தால் அந்தக் குறுக்குத் தூரம் உண்மை அளவில் சுமார் 70 சதவீதம்தான். 60 பாகை சாய்ந்தால் பாதி. சரிகிற தரையில் நிற்கும் பட்டை இப்படி இருமுறை அடி வாங்குகிறது: கீழே போவதாகவும் தெரிகிறது, மெலிவதாகவும் தெரிகிறது. படத்தை அகலம் குறைத்துப் பக்கத்தின் ஓர் ஓரத்தில் திணித்தால் சாய்வு கூடும், பிழையும் கூடும். இதழ் வடிவமைப்பாளர்கள் அடிக்கடி செய்கிற வேலை இது.

இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை நேர் செங்குத்தாக வைத்து, வேண்டிய பட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பென்சிலால் குறியுங்கள். காகிதத்தை இன்னொரு ஆண்டுக்கு நகர்த்தி, கீழ்க்குறியைக் கீழ் விளிம்பில் பொருத்துங்கள். மேல்குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். காகிதம் இல்லாதபோது, பட்டையின் இரண்டு விளிம்பும் ஒரே போக்கில் போகிறதா என்று பாருங்கள். போனால், அசைவது அந்தப் பட்டை அல்ல, அதற்குக் கீழே உள்ள ஏதோ ஒன்று.

படம் போடுகிறவர் செய்யக்கூடியது என்ன? முதல் வேலை வரிசையை யோசிப்பது. எக்செல் முதல் பத்தியில் இருப்பதைக் கொண்டுபோய் அடியில் வைத்துவிடும். ஆங்கில அகரவரிசைப்படி அட்டவணை போட்டிருந்தால் நிலக்கரிதான் முதலில் வரும். இருப்பதிலேயே அதிகம் ஆடுகிற ஒன்று அடியில் போய் உட்கார்ந்து, மேலே இருக்கிற எல்லாவற்றையும் ஆட்டும். 70-ஐ ஒட்டியே நிற்கும் அணுமின்சாரம்கூடச் சரிவதுபோல் தெரியும். தமிழ் அகரவரிசை இங்கே தற்செயலாக நல்லது செய்கிறது: அணு, எரிவாயு, காற்று, நிலக்கரி. அசையாத அணு அடியில். அதன்மேல் எரிவாயு, கிட்டத்தட்டச் சமதரையில். மூன்று ஆண்டு தட்டை, பிறகு ஒரு தாவல் என்று அதன் கதை அப்படியே தெரியும். நிலக்கரி உச்சியில் இருப்பதால் அதன் வீழ்ச்சி வேறு யாரையும் இழுத்துக்கொண்டு போகாது.

ஆனால் இந்த வரிசையிலும் ஒருவர் பலியாக வேண்டியிருக்கிறது. 2016-இல் காற்று 40-இலிருந்து 37-க்குக் கொஞ்சம் குறைந்தது. எரிவாயுவின் தாவல் அதைத் தூக்கிவிடுவதால் படத்தில் காற்று ஏறுகிறது. எல்லாரையும் சமதரையில் நிறுத்துகிற வரிசை எதுவும் கிடையாது. எந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறோமோ அதை அடியில் வைக்கலாம், மற்றவற்றைப் பற்றி அந்தப் படத்தை வைத்துப் பேசாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் நூறு சதவீதத்துக்குச் சமப்படுத்தி அடுக்குவதும் பெரிய தீர்வல்ல. உச்சிப் பட்டைக்கு மேலே ஒரு நேர்க்கோடு கிடைக்கும், அதனால் அது பிழைத்துக்கொள்ளும். நடுவில் இருப்பவை பழைய நிலையிலேயே இருக்கும். மொத்தம் எவ்வளவு என்பதும் கைவிட்டுப் போகும்.

நான்கின் போக்கும் தெரிய வேண்டுமானால் அடுக்குவதையே விட்டுவிட்டு நான்கு தனிக் கோடுகளாகப் போடுவதுதான் வழி. மொத்தத்தை ஐந்தாவதாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கோடும் ஒரே பூஜ்யத்திலிருந்து புறப்படும். அப்படிப் போட்டதும், அடுக்குப் படத்தில் எந்த வரிசையிலும் தென்படாத இரண்டு சந்திப்புகள் வெளியே வருகின்றன. 2014-இல் இறங்கி வந்த நிலக்கரி 100-ஐத் தொட்டு, 101-இல் இருந்த எரிவாயுவுக்கு ஒரு மயிரிழை கீழே போகிறது. 2016-இல், 31-க்கு விழுந்த நிலக்கரியை 37-இல் இருந்த காற்றாலை கடக்கிறது. ஓர் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் காற்று நிலக்கரியை மிஞ்சியது பிரிட்டனில் அதுவே முதல் முறை. அடுக்குப் படத்தில் அந்த ஆண்டு, அந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவே எரிவாயு பருத்துப் படுத்திருக்கிறது.