கையில் இவ்வளவு வேண்டும் என்றால், கிராஸ் எவ்வளவு?

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று எச்.ஆர். கேட்டதும் நம்மில் பலர் மாதம் கையில் வரவேண்டிய தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிடுகிறோம். கம்பெனி பேசுவதோ ஆண்டு மொத்தச் சம்பளத்தில். இரண்டுக்கும் நடுவே வருமான வரி, பி.எஃப்., தொழில் வரி மூன்றும் நிற்கின்றன. கையில் வேண்டிய தொகையிலிருந்து பின்னோக்கிப் போய் மொத்தச் சம்பளத்தைப் பிடிப்பது எப்படி?

மாதம் 1,25,000 ரூபாய் கைக்கு வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்; ஆண்டுக்கு 15 லட்சம். வேலை சென்னையில், வரி 2025-26க்கான புதிய முறைப்படி. பி.எஃப். பிடித்தத்தைக் கம்பெனி 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்ற உச்சவரம்போடு நிறுத்திக்கொள்கிறது. அதன் 12 சதவீதம் மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. தொழில் வரி ஆண்டுக்கு 2,500. இவ்விரண்டும் சம்பளத்தோடு கூடாத தொகைகள் என்பதால் அப்படியே கூட்டிவிடலாம். ஆக, வருமான வரி போக 15,24,100 மிஞ்சவேண்டும்.

வரியை அப்படிக் கூட்ட முடியாது. சம்பளம் கூடினால் வரியும் கூடும். அந்த வரிக்காக இன்னும் கொஞ்சம் கூட்டினால் அதற்கும் வரி உண்டு. 15 லட்சத்துக்கு வரும் வரி 97,500 என்று பார்த்து, அதையும் பிடித்தங்களையும் சேர்த்து 16,21,600 கேட்பவருக்கு மாதம் சுமார் 1,580 ரூபாய் துண்டு விழும்.

சரியான வழி, ஒரு வரி அடுக்கின் விளிம்பில் நின்று கணக்குப் போடுவது. நிலைக்கழிவு 75,000 போக 16 லட்சம் வரை உள்ள அடுக்குக்கு 15 சதவீதம் வரி. எனவே மொத்தச் சம்பளத்தில் விளிம்பு 16,75,000. அங்கே செஸ் உட்பட வரி 1,24,800, மிஞ்சுவது 15,50,200. நமக்கு வேண்டியது அதைவிட 26,100 குறைவு. இந்த அடுக்கில் வரியும் 4 சதவீத செஸ்ஸும் போனால் ஒரு ரூபாயில் 84.4 காசு நிற்கும். 26,100ஐ 0.844ஆல் வகுத்தால் 30,924. விளிம்பிலிருந்து அதைக் கழித்தால் விடை: 16,44,076. மாதம் 1,37,006.

கம்பெனி முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் கதையே மாறும். அடிப்படை பாதி என்றால் பிடித்தம் மொத்தத்தில் 6 சதவீதம். சம்பளத்தோடு அதுவும் வளரும். அதே 16,75,000 விளிம்பில் இப்போது கைக்கு வருவது 14,47,200தான். 52,800 குறைகிறது, அதாவது விளிம்பைத் தாண்டி 20 சதவீத அடுக்குக்குள் போயாகவேண்டும். அங்கே ஒரு ரூபாயில் நிற்பது 73.2 காசு. வகுத்துக் கூட்டினால் 17,47,131. கைக்கு வருவது அதே 1,25,000தான். கேட்கவேண்டியது ஒரு லட்சத்துக்கும் மேல் கூடிவிட்டது. அந்தப் பணம் நம் பி.எஃப். கணக்கில்தான் சேர்கிறது, எங்கும் போகவில்லை. ஆனாலும் பிடித்தம் எந்த முறை என்று தெரியாமல் தொகை சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான்.

இந்தக் கணக்கு முரண்டு பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. மொத்தச் சம்பளம் 12,75,000 வரை வருமான வரியே இல்லை. அதைத் தாண்டியதும், வரி திடீரென்று பாய்ந்துவிடாமலிருக்க, கூடுதலாக வரும் தொகையளவுக்கு மட்டும் வரி வாங்குகிறார்கள். மேலே செஸ் வேறு. இதனால் 12,75,000க்கும் ஏறக்குறைய 13,45,600க்கும் இடையில் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் கையில் ஒரு ரூபாய்கூடக் கூடாது. செஸ்ஸினால் கொஞ்சம் குறையவும் செய்யும். முதல் பி.எஃப். முறையில் மாதம் 1,04,000 வேண்டுமென்றால் 12,72,100 போதும். 1,05,000 வேண்டுமென்றால் 13,59,716 தேவை. கையில் மாதம் ஆயிரம் கூடுவதற்குக் கம்பெனி மாதம் 7,300 கூடுதலாகத் தரவேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் நிற்பவர் ஆயிரத்துக்கு மல்லுக்கட்டுவதைவிட வேறு சலுகை எதையாவது கேட்டுவாங்குவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் சி.டி.சி. நாம் கண்டுபிடித்த தொகை அல்ல. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும், பணிக்கொடைக்காக அடிப்படையில் ஒதுக்கும் 4.81 சதவீதமும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். நம் இரண்டாவது கணக்கில் இவற்றைச் சேர்த்தால் சி.டி.சி. சுமார் 18.94 லட்சம். சாதனைக்கேற்ப ஆண்டு முடிவில் தரும் ஊக்கத்தொகையையும் அதில் சேர்த்திருந்தால், அது மாதாமாதம் வராது. அதைக் கழித்த பிறகுதான் பேச்சைத் தொடங்கவேண்டும்.