தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் பேசினால் ஆகுமா?

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குகிறார்கள். ஆகஸ்ட் மாதம் இன்னும் முதல் வாரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. ஜனவரி 1-க்கு ஐந்து மாதம் கிடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது அவசரமாகத் தெரியலாம். ஆனால் காலண்டருக்குப் பணம் கொடுப்பவர் அதைச் சுவரில் மாட்டப்போகிறவர் அல்ல, கடைப் பெயர் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப்போகும் நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும்தான். டிசம்பரில் அவர்கள் கையில் காலண்டர் இருக்க வேண்டுமானால் எந்தப் படம், எத்தனை ஆயிரம் என்று அதற்கு வெகுமுன்பே முடிவாகிவிட வேண்டும். சிவகாசி அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்று பார்த்துத்தான் தன் நாளைக் குறித்துக்கொண்டிருக்கிறது.

சீசன் தொழில் எல்லாவற்றிலும் இப்படி இரண்டு உச்சங்கள் உண்டு. ஒன்று வேலை நடக்கும் உச்சம். மற்றொன்று வேலையை யாரிடம் கொடுப்பது என்று வாடிக்கையாளர் முடிவெடுக்கும் உச்சம். முதலாவது எல்லார் கண்ணிலும் படும். இரண்டாவது சத்தமில்லாமல் வந்து போய்விடும். தனியார் பள்ளிச் சீருடையை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் கடையில் கூட்டம் அலைமோதும். ஆனால் எந்தக் கடை தைத்துத் தரும் என்பதைப் பள்ளி நிர்வாகம் அதற்குப் பல வாரங்கள் முன்பே தீர்த்திருக்கும். ஏப்ரலில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறவருக்குக் காபி கிடைக்கும், ஆர்டர் கிடைக்காது.

இந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது எப்படி என்பதைக் கல்யாணத் தொழிலில் பார்ப்பது எளிது. தமிழ்நாட்டில் கல்யாண சீசன் எப்போது என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பங்குனியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. அதனால் தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களில் வேலை வந்து குவிகிறது. கும்பகோணம் பக்கம் ஒரு சமையல் ஒப்பந்தக்காரர் தை முகூர்த்தங்களுக்கு ஆர்டர் பிடிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரமோ, வாட்ஸ்அப் செய்தியோ, மண்டபங்களுக்கு நேரில் போய் வருவதோ, எதுவானாலும் அவர் எப்போது தொடங்க வேண்டும்?

விடை அவருடைய ஆர்டர் நோட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலான நோட்டுகளில் கல்யாணத் தேதியும் முன்பணம் வாங்கிய தேதியும் இருக்கும். முதன்முதலில் போன் வந்த தேதி இருக்காது. அதுதான் முக்கியம். செல்போனில் பழைய அழைப்புகளையும் வாட்ஸ்அப் உரையாடலின் முதல் செய்தியையும் தேடினால் ஓரளவுக்கு அகப்படும். போன தையில் செய்த பத்துக் கல்யாணங்களை எடுத்து, முதல் போனுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் எத்தனை நாள் என்று எழுதினால் இப்படி வரலாம்: 21, 35, 48, 60, 66, 72, 75, 90, 110, 180. கூட்டி வகுத்தால் சராசரி ஏறக்குறைய 76. ஆனால் ஆறு மாதம் முன்பே பேசிய அந்த ஒரே வெளிநாட்டு மாப்பிள்ளை வீடு கணக்கை மேலே இழுத்துவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணைப் பார்ப்பதே நல்லது. இங்கே அது 66-க்கும் 72-க்கும் நடுவே, 69.

அந்த 69-ஐயும் நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிப் பேர் அதற்கு முன்பே பேசிவிட்டார்கள். நடுநாளில் விளம்பரத்தைத் தொடங்கினால் அந்தப் பாதி கைவிட்டுப் போகும். முந்திக்கொண்ட மூன்று பேர் பேசியது 90 நாளோ அதற்கும் மேலோ முன்பு. ஆகவே தொடக்கம் 90 நாளில், முழு வேகம் 69-ஐ ஒட்டி. ஜனவரி 24-ஆம் தேதி ஒரு நல்ல முகூர்த்தம் என்று வைத்தால், 90 நாள் பின்னால் போனால் அக்டோபர் 26. 69 நாள் பின்னால் போனால் நவம்பர் 16.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோட்டில் இருப்பவர்கள் வேலை கொடுத்தவர்கள் மட்டுமே. இதுவரை மார்கழி நெருங்கிய பிறகுதான் அவர் ஆர்டர் தேடியிருந்தார் என்றால், தாமதமாக முடிவெடுக்கும் வீடுகள்தான் அவரிடம் வந்திருக்கும். நோட்டு காட்டுவது ஊரின் வழக்கத்தை அல்ல, அவருடைய வழக்கத்தை. இதைத் திருத்த, கிடைக்காமல் போன ஆர்டர்களையும் எழுத வேண்டும், முக்கியமாக அவர்கள் சொன்ன காரணத்தை. “மண்டபத்திலேயே சமையலும் பேசி முடிச்சுட்டோம்” என்று சொல்லியிருந்தால் தாமதம். “நிச்சயம் ஆகட்டும், அப்புறம் சொல்றோம்” என்றால் சீக்கிரம் போய்விட்டோம். “ரேட் ஒத்துவரல” என்றால் அது நேரத்தின் கோளாறு அல்ல. ஒரு சீசன் முழுக்க இந்த மூன்று பதில்களையும் கோடு போட்டு எண்ணினாலே போதும், தொடக்க நாளை முன்னால் தள்ளுவதா பின்னால் தள்ளுவதா என்று தெரிந்துவிடும்.

இனிப் பஞ்சாங்கத்தை நாட்காட்டியோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு பலர் சறுக்குவது இங்கேதான். தை பிறப்பது சூரியக் கணக்கு, ஜனவரி நடுவில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதற்கு முந்தைய மார்கழி டிசம்பர் 16-ஐ ஒட்டித் தொடங்கும். மார்கழியில் கல்யாணம் மட்டும் நிற்பதில்லை. நிச்சயம் செய்வதும், முன்பணம் கைமாற்றுவதும் பல வீடுகளில் நின்றுவிடும். தைக் கல்யாணக்காரர்களில் பெரும்பாலோர் கார்த்திகை முடிவதற்குள் மண்டபம், சமையல், படம் பிடிப்பவர் என்று பேசி முடிக்கப் பார்ப்பார்கள். ஆக, ஜனவரி சீசனின் கதவு டிசம்பர் 15-இல் முக்கால்வாசி சாத்தப்படுகிறது.

கதவின் மறுபக்கத்தில் தீபாவளி. அது சந்திரக் கணக்கு, ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் கல்யாணச் சமையலைப் பற்றிப் பேச எந்த வீட்டுக்கும் நேரமில்லை. துணிக்கடையும் இனிப்புக்கடையும் ஆன்லைன் விற்பனைக்காரர்களும் போட்டி போட்டு விளம்பரம் கொடுப்பதால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அதே பணத்துக்குக் குறைவான பேர்தான் பார்ப்பார்கள். (தீபாவளியன்று உறவினர் கூடும் வீடுகளில் பெண், மாப்பிள்ளை பேச்சு நிறையவே நடக்கும். ஆனால் சமையல்காரருக்குப் போன் வருவது அந்தப் பேச்சு கனிந்த பிறகு.)

2025-இல் தீபாவளிக்கும் மார்கழிக்கும் இடையில் முழுதாக எட்டு வாரம் இருந்தது. நம் ஒப்பந்தக்காரர் கணக்குப்படி தொடங்க வேண்டிய அக்டோபர் 26, தீபாவளி முடிந்து மூச்சுவிட்ட நேரத்தில் வந்தது. 2026-இல் அதே இடைவெளி ஐந்து வாரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே அக்டோபர் 26, தீபாவளிக்கு 13 நாள் முன்னால் போய் விழுகிறது. தை மாறவில்லை, முகூர்த்த சீசன் மாறவில்லை, பேச வாய்க்கும் காலம் மட்டும் ஏறக்குறைய மூன்று வாரம் சுருங்கிவிட்டது. போன ஆண்டு நன்றாக ஓடியது என்று அதே தேதிகளை மறுபடி போடுகிறவர் இதைக் கவனிக்க மாட்டார். 2026 மாதிரி ஆண்டில் அக்டோபர் நடுவிலேயே முதல் சுற்றைத் தொடங்கி, மாதக் கடைசியில் நிறுத்திக்கொண்டு, தீபாவளி முடிந்த மூன்றாம் நான்காம் நாளில் முழு வேகத்தில் திரும்ப வேண்டும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள்தான். விசாரணை அதிகம் வரும் அதே வாரங்களில் ஒப்பந்தக்காரர் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படியில் நிற்பார், போன் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்கப்படாத போனுக்கு எந்த விளம்பரமும் ஈடு அல்ல. எனவே தயாரிப்பு வேலை முழுவதும் புரட்டாசியில் நடக்க வேண்டும், அப்போதுதான் கையில் நேரம் இருக்கும். இலைக்கு இவ்வளவு என்ற விலையோடு இரண்டு மூன்று மெனுப் பட்டியல், சென்ற சீசனின் பந்திப் படங்கள், போன் எடுக்க வீட்டில் விவரம் தெரிந்த ஓர் ஆள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதானால் டிராய் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதையும் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் நம்புகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். பந்தியில் சாப்பிட்டுவிட்டு “யாருங்க சமையல்?” என்று கேட்டு வருகிறவரை அங்கேயே எண்ணைச் சேமிக்க வைத்தால்தான் அடுத்த சீசனில் பயன்.

யாரிடம் போவது என்பதும் நாளோடு சேர்ந்து மாறும். தேதி குறித்ததும் வீட்டார் முதலில் பிடிப்பது மண்டபம். சமையல் பெரும்பாலும் அடுத்த சில நாட்களில் முடிவாகிவிடும். ஆகவே முதல் சுற்று வாடிக்கையாளருக்கு அல்ல, மண்டப மேலாளர்களுக்கு. எந்தெந்த நாள் பதிவாகியிருக்கிறது, எந்த வீட்டார் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பூ அலங்காரம், தாம்பூலப் பை செய்பவர்களுக்கு இவ்வளவு அவசரம் வேண்டாம். அவர்களுடைய முறை பத்திரிகை அச்சுக்குப் போகும்போது வரும், அவர்கள் அச்சகத்தைச் சுற்றினால் போதும்.

முன்கூட்டியே பேசுவதற்கு ஒரு விலையும் உண்டு. நவம்பரில் இலைக்குச் சொன்ன தொகையில் ஜனவரியில் சமைத்தாக வேண்டும். குளிர்காலத்தில் முருங்கைக்காய் எப்படி ஏறும் என்பது சமையல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்ன வெங்காயமும் சில ஆண்டுகளில் அதே வேலையைக் காட்டும். தை மெனுவில் முருங்கைக்காய் சாம்பாரை உறுதியாக எழுதிக் கொடுப்பதைவிட, அன்றைய காய்க்கு ஏற்றபடி என்று பேசிக்கொள்வது இருதரப்புக்கும் சண்டையில்லாமல் இருக்கும்.

கடைசியாக, எந்த நாளுக்கு ஆர்டர் தேடுகிறோம் என்பது. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த நாள் தானாகவே நிரம்பும். ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு மேல் செய்ய மாஸ்டரும் பரிமாற ஆளும் இல்லாதவர் அந்த நாளுக்கு விளம்பரம் கொடுத்தால், திருப்பி அனுப்பப்போகிற போன்களுக்குப் பணம் கட்டுகிறார் என்று பொருள். விளம்பரச் செலவு போக வேண்டியது வார நாள் முகூர்த்தங்களுக்கும் தேய்பிறை முகூர்த்தங்களுக்கும். புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் இந்த நாட்களைத் தனியாகச் சிவப்பு மையில் சுழித்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் 90 நாள் பின்னோக்கி எண்ணலாம்.