மிளகு ஸ்டோருக்கு எந்த மென்பொருள்?

மாத்தளை, உக்குவளை, றத்தோட்டைப் பக்கங்களில் மிளகும் கராம்பும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் நடுத்தர வியாபாரிகள் பலர் இருப்புக் கணக்கை எக்செலில்தான் வைத்திருக்கின்றனர். ஒரு ஸ்டோர், ஒரு கிளார்க் என்றிருக்கும் வரை அது போதும். இரண்டாவது ஸ்டோர் திறந்து, இருவர் இரண்டு கோப்புகளில் பதியத் தொடங்கினால் எது உண்மையான இருப்பு என்பதே தெரியாது. அந்த நேரத்தில்தான் களஞ்சிய முகாமைத்துவ மென்பொருள் விற்பவர்கள் வந்து பார்கோட், வண்ண வண்ண அறிக்கை என்று காட்டுவார்கள். அவை இருக்கட்டும். நாம் முதலில் கேட்க வேண்டியது, காய்ந்து எடை குறையும் சரக்கை இது எப்படிக் கணக்கு வைக்கும் என்பதே.

பிஸ்கட் பெட்டி ஆறு மாதம் கிடந்தாலும் ஒரு பெட்டிதான். மிளகு அப்படியல்ல. 15 சதவீத ஈரப்பதனோடு 40 மூட்டை, 2,000 கிலோ வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈரம் போக உள்ள சரக்கு 1,700 கிலோ. 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் 1,700 ஐ 0.88 ஆல் வகுக்க வேண்டும். சுமார் 1,932 கிலோ வரும். ஆக, 68 கிலோ வெயிலில் போனது. தராசு 1,905 கிலோ காட்டினால் மீதி 27 கிலோ எங்கே? தூசி, காம்பு, சிந்தல், அல்லது களவு. எக்செலில் நம்மவர்கள் 95 கிலோவையும் “கழிவு” என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். தேட வேண்டிய 27 கிலோ அதற்குள் மறைந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு கொள்வனவுக்கும் தனி லொட் இலக்கம் வேண்டும். அதில் மூட்டை எண்ணிக்கை, கிலோ, ஈரப்பதன் மூன்றும் பதியப்பட வேண்டும். மறுபடி நிறுக்கும்போது பழைய தொகை அழியாமல், வித்தியாசம், காரணம், பதிந்தவர் பெயர் ஆகியவை தனி வரியாக நிற்க வேண்டும். மூன்று லொட்டைக் கலந்து ஏற்றுமதிக்கு ஒரே லொட் ஆக்கினால், புதிய இலக்கத்திலிருந்து பழைய மூன்றுக்கும் திரும்பிப் போக முடிய வேண்டும். பூஞ்சணம் என்று கொள்வனவாளர் முறையிட்டால் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று அப்போதுதான் சொல்லலாம்.

விற்பவரின் மாதிரிக் கணக்கைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். உங்கள் பழைய லொட் ஒன்றின் துண்டுகளைக் கொடுத்து, உங்கள் கிளார்க்கின் கையாலேயே வாங்கியதிலிருந்து அனுப்பியது வரை பதியச் சொல்லுங்கள். இடையில் இணைய இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிடலாகாது. லொறி வாசலில் நிற்கும்போது இணைப்பு வரும் வரை காத்திருக்க முடியாது. கடைசியில், முழுக் கணக்கையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் வருடக் கட்டணத்தை அவர் எவ்வளவு கூட்டினாலும் நீங்கள் கட்டத்தான் வேண்டும்.

மாறும் காலமும் முக்கியம். அறுவடைச் சரக்கு வந்து குவியும் நாட்களில் தொடங்கினால் இரண்டு கணக்கும் குழம்பும். ஸ்டோர் காலியாகும் மாதத்தில், இருக்கும் ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்து, ஈரப்பதன் பார்த்து, அந்தத் தொகையையே ஆரம்ப இருப்பாகப் பதியுங்கள். எக்செலில் உள்ள பழைய தொகையை அப்படியே ஏற்றினால் பழைய பிழையும் சேர்ந்தே ஏறும்.