ஒரே ஜாக்கெட், மூன்று உடை

டெனிம் ஜாக்கெட்டைக் குர்தாவின் மேல் போட்டால் சிலருக்கு எடுப்பாக இருக்கிறது, சிலருக்கு மூட்டை கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. உடல்வாகைக் குறை சொல்ல வேண்டாம். ஜாக்கெட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

குர்தாவின் பக்கவாட்டு ஸ்லிட் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயே ஜாக்கெட் முடிந்துவிட வேண்டும். கீழே இறங்கினால் ஸ்லிட் விரிய இடமில்லாமல் துணி இடுப்பில் சுருண்டு நிற்கும். என் ஜாக்கெட் இடுப்பெலும்போடு நின்றுவிடும். முழங்கால் வரை வரும் நேர்வெட்டுக் குர்தாவுக்கு அது கச்சிதம். அனார்கலிக்கு உதவாது. மார்புக்குக் கீழே தொடங்கும் கொசுவத்தை அது அமுக்கிவிடுகிறது. இடுப்பில் தையல் வைத்த கவுனுக்கும் இதே சங்கடம்தான், ஆனால் பட்டனைத் திறந்து விட்டாலே பாதி சரியாகும். சட்டைக்கு ஒரு தொல்லையும் இல்லை. சட்டைக் காலரை உள்ளேயே வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கப் போகும்போது, உங்களிடம் இருப்பதிலேயே தடித்த குர்தாவைப் போட்டுக்கொண்டு போங்கள். ஜாக்கெட்டை மாட்டி, இரு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிப் பாருங்கள். முதுகு இழுத்தாலோ, கைக்குழியில் குர்தாவின் கை சுருண்டாலோ ஒரு அளவு பெரிதாக எடுங்கள். டிசம்பரில் ஊட்டிக்குப் போகும்போது உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போடவும் அந்த இடம் உதவும்.

டெனிமின் கனத்தை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். 14 அவுன்ஸ் முரட்டுத் துணி. நம் ஊருக்கு 8 அல்லது 9 போதும். அதையும் சென்னை மே மாத வெயிலில் போட்டுக்கொண்டு நடப்பது வீம்பு. அப்போது அது பைக்குள் இருக்கட்டும். ஏசி அலுவலகத்திலோ இரவுப் பேருந்திலோ எடுத்தால் போதும். மழைக்கு இதை நம்பவே கூடாது. பருத்தி என்பதால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஐப்பசி அடைமழையில் நனைந்தால் காலர் மடிப்பும் பாக்கெட் ஓரமும் இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும்.

சாயத்தைப் பற்றி நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புது ஜாக்கெட்டை வெளிர் சந்தன நிறக் குர்தாவின் மேல் போட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வியர்வையில் கழுத்தும் அக்குளும் நீலம் பாரித்துவிட்டன. எத்தனை அலசியும் முழுதாகப் போகவில்லை. இண்டிகோ நூலின் மேற்புறத்தில்தான் படிகிறது, உள்ளே வரை இறங்குவதில்லை. அதனால்தான் உரசினால் உதிர்கிறது. ஜாக்கெட்டை உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் தனியாக இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் காலரின் உட்பக்கத்தை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நீலம் ஏறினால், வெளிர் நிறக் குர்தாவை அன்றைக்கு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.