ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து இன்ஸ்டால் ஆக மறுத்தால்

பழைய மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்கு விஷுவல் ஸ்டுடியோ 2015 இன்னும் தேவைப்படுகிறது. அதற்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இணைய இணைப்பே இல்லாத கணினியில் அதைப் போட வேண்டுமென்றால், ஏறத்தாழ 7 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்புதான் வழி.

ஒரு டிவிடியில் உள்ள அத்தனையையும் அப்படியே அடக்கிய ஒற்றைக் கோப்புதான் ஐஎஸ்ஓ. விண்டோஸ் 8 முதல் இதைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டாம். கோப்பின் மேல் டபுள் கிளிக் செய்தால், கணினியில் புதிதாக ஒரு டிவிடி டிரைவ் முளைத்ததுபோல E: அல்லது F: என்ற எழுத்தோடு வந்து நிற்கும். இதைத்தான் மவுண்ட் செய்வது என்கிறோம். அதற்குள் இருக்கும் இன்ஸ்டால் கோப்பை இயக்கினால் போதும்.

முதல் தவறு பெரும்பாலும் இங்கேயே நடக்கிறது. கணினியில் வின்ரார், 7-ஜிப் போன்றவை இருந்தால், டபுள் கிளிக் செய்ததும் ஐஎஸ்ஓ அவற்றில் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவை பட்டியலாகத் தெரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அங்கிருந்து இன்ஸ்டால் கோப்பை இயக்கினால், அந்த ஒரு கோப்பு மட்டும் தற்காலிக ஃபோல்டருக்குப் போய் ஓடும். தனக்குத் தேவையான packages ஃபோல்டரைத் தேடும். அது அங்கே இருக்காது. எனவே ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து, Open with என்பதில் Windows Explorer-ஐத் தேர்ந்தெடுங்கள்.

சரியாக மவுண்ட் செய்த பிறகும், ஒரு பேக்கேஜ் இல்லை அல்லது சேதமாகியிருக்கிறது என்று சொல்லி இன்ஸ்டால் பாதியில் நிற்பதுண்டு. பலரும் உடனே 7 ஜிபியையும் மறுபடி டவுன்லோட் செய்யப் போகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஒரே செய்திக்குப் பின்னால் இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். எது என்பதைக் கணினியே எழுதி வைத்திருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் %TEMP% என்று தட்டினால் திறக்கும் ஃபோல்டரில், dd_ என்று தொடங்கும் லாக் கோப்புகள் இருக்கும். அவற்றில் புதியதை நோட்பேடில் திறந்து, Error என்று தேடுங்கள். 0x80091007 என்ற எண் கண்ணில் பட்டால், கோப்பில் உள்ள தரவு எதிர்பார்த்தபடி இல்லை என்று பொருள். டவுன்லோட் ஆகும்போதோ பென்டிரைவில் நகலெடுக்கும்போதோ பழுதாகியிருக்கலாம். இதை உறுதிசெய்ய கமாண்ட் பிராம்ப்ட்டில் இப்படித் தட்டுங்கள் (பாதையும் பெயரும் உங்கள் கோப்புக்கு ஏற்றபடி):

```
certutil -hashfile D:\vs2015.iso SHA1
```

வரும் நீண்ட எழுத்து வரிசை, வெளியிட்டவர் தந்த வரிசையோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு போராடிப் பயனில்லை. மறுபடி டவுன்லோட் செய்வதுதான் வழி. பென்டிரைவ் FAT32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. ExFAT அல்லது NTFS ஆக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

லாக்கில் 0x800b0109 அல்லது 0x800b010a இருந்தால் கதையே வேறு. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதன் டிஜிட்டல் கையெழுத்தை நம்புவதற்கு வேண்டிய மூலச் சான்றிதழ் அந்தக் கணினியில் இல்லை. இணையம் இருந்தால் விண்டோஸ் அதைத் தானே கொண்டுவந்துவிடும். இணையமே பார்க்காத கணினிக்கு அந்த வாய்ப்பில்லை. எத்தனை முறை டவுன்லோட் செய்தாலும் இதே பிழைதான் வரும். மைக்ரோசாஃப்டின் 2010, 2011 ஆண்டு மூலச் சான்றிதழ்களை வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்துவந்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒவ்வொன்றையும் இப்படிச் சேர்க்க வேண்டும்:

```
certutil -addstore Root D:\root2011.crt
```

பிறகு இன்ஸ்டாலை மீண்டும் தொடங்குங்கள். வேறு யாரோ தரும் சான்றிதழை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூலச் சான்றிதழைச் சேர்ப்பது, அதைக் காட்டி வரும் எதையும் நம்பச் சொல்லிக் கணினிக்கு உத்தரவிடுவதாகும்.

இன்னொரு சிக்கல் ரீஸ்டார்ட்டில் வருகிறது. மவுண்ட் செய்த டிரைவ், கணினியை அணைத்து எழுப்பினால் மறைந்துவிடும். இடையில் ரீஸ்டார்ட் கேட்கும் இன்ஸ்டாலர், திரும்பி வந்ததும் தன் கோப்புகளைக் காணாமல் தவிக்கும். மறுபடி மவுண்ட் செய்தாலும் E: இருந்த இடத்தில் F: வரலாம். ஆகவே டிஸ்க்கில் இடமிருந்தால், டிரைவில் உள்ள எல்லாவற்றையும் C:\VS2015 போன்ற சிறிய பெயருள்ள ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கிருந்தே இயக்குங்கள். நீளமான பாதைகளால் வரும் தொல்லையும் இதில் குறையும்.

வேலை முடிந்ததும் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து Eject கொடுத்துவிடலாம். ஆனால் ஐஎஸ்ஓவை அழித்துவிடாதீர்கள். பின்னாளில் ரிப்பேர் செய்யவோ விடுபட்ட வசதியைச் சேர்க்கவோ முனைந்தால், இன்ஸ்டாலர் அதே கோப்புகளைத்தான் மறுபடி கேட்கும்.