ஆறாம் பக்கத்தில் சிவப்பு மை இல்லை

கணக்கில் இறுதி விடை தவறிவிட்டால் மொத்த மதிப்பெண்ணும் போய்விட்டது என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. இவ்வளவு எழுதியதற்கு ஏதாவது போட்டிருக்கலாமே என்று புலம்புகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே விடைக்குறிப்பு எப்படித் தயாராகிறது என்பதை யோசிப்பதில்லை. பத்து மதிப்பெண் கேள்வி என்றால், அந்தப் பத்தையும் எந்தப் படிக்கு எவ்வளவு என்று பிரித்து வைத்துக்கொண்டுதான் விரிவுரையாளர் பேனாவை எடுக்கிறார். மாணவர்கள் ‘ஸ்டெப் மார்க்’ என்று சொல்வது இதைத்தான்.

பருவ இறுதித் தேர்வில் குறை என்றால் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பருவத்தின் நடுவே கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வுக்குப் பெரும்பாலும் அப்படிப் படிவம் எதுவும் கிடையாது. பாடம் நடத்தியவரே விடைத்தாளையும் திருத்துகிறார். அவரிடம் நேரில் சொல்லலாம். ஆனால் வகுப்பு முடிந்து கிளம்பும்போது கேட்டால் அவர் கையில் விடைத்தாளும் இருக்காது, விடைக்குறிப்பும் இருக்காது. அதனால்தான் கடிதம். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை நுண்கணிதக் கேள்வி ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்.

12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகடு. நான்கு மூலைகளிலும் x செ.மீ. அளவில் சதுரங்களை வெட்டி எறிந்துவிட்டு, ஓரங்களை மடித்து மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். அதன் கன அளவு அதிகபட்சம் எவ்வளவு? பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே பழக்கமான கணக்குதான். கன அளவு

V = x(12 − 2x)²

இதை வகையிட்டால் V′ = 12x² − 96x + 144. பூச்சியத்துக்குச் சமன்படுத்தினால் x = 2 அல்லது x = 6. ஆறு செ.மீ. வெட்டினால் தகடே மிஞ்சாது, அதனால் 6 தள்ளுபடி. x = 2 என்னும்போது இரண்டாம் வகைக்கெழு −48, குறை எண், ஆகவே பெருமம். விடை 2 × 8² = 128 க.செ.மீ.

விடைக்குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கன அளவுச் சமன்பாட்டுக்கு 2, வகையிடலுக்கு 3, சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு 2, ஆறைத் தள்ளிப் பெருமம் என நிறுவுவதற்கு 2, இறுதி விடைக்கு 1.

ஒரு மாணவர் எல்லாப் படிகளையும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் 8²-ஐ 16 என்று எழுதுகிறார். விடை 32 ஆகிவிடுகிறது. குறிப்பின்படி அவருக்கு 9 கிடைக்க வேண்டும். கிடைத்தது 5. எங்கே போயிற்று மீதி நான்கு? விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தால் தெரிகிறது. சமன்பாடும் வகையிடலும் ஐந்தாம் பக்கத்தில் முடிகின்றன. அங்கே இரண்டு ‘டிக்’ விழுந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதன் பின்பக்கமான ஆறாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தில் சிவப்பு மை ஒரு பொட்டுகூட இல்லை. அடிக்கோடு இல்லை, சுழி இல்லை, தவறான 16-ஐச் சுற்றி வட்டமும் இல்லை. ‘தொடர்ச்சி பின்பக்கம்’ என்று மாணவர் எழுதாததால், கட்டுக்கட்டாகத் திருத்திக்கொண்டிருந்தவர் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மதிப்பெண் விடுபட்டதற்கும் வேண்டுமென்றே குறைக்கப்பட்டதற்கும் வேறுபாடு தெரிவது இந்த இடத்தில்தான். திருத்துபவர் படித்துவிட்டுக் குறைத்திருந்தால் ஏதாவது ஓர் அடையாளம் விட்டிருப்பார். எழுதிய பக்கத்தில் அடையாளமே இல்லை என்றால் அதை அவர் பார்க்காமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே போட்ட எண்களுக்கும் முதல் பக்கத்துக் கூட்டலுக்கும் பொருந்துகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். கூட்டல் பிழைக்குக் கடிதமே தேவையில்லை, காட்டினாலே போதும்.

இந்த மாணவரின் கடிதம் இவ்வளவுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, நடுப்பருவத் தேர்வின் 5-ஆம் கேள்விக்கு எனக்கு 10-க்கு 5 மதிப்பெண் வந்துள்ளது. விடையின் முதல் பகுதி விடைத்தாளின் 5-ஆம் பக்கத்திலும் தொடர்ச்சி 6-ஆம் பக்கத்திலும் உள்ளன. தொடர்ச்சி என்று குறிப்பிடாமல் விட்டது என் தவறு. 6-ஆம் பக்கத்தில் x = 2, x = 6 எனத் தீர்த்து, 6-ஐ நீக்கி, V″(2) = −48 என்று பெருமத்தை நிறுவியிருக்கிறேன். கடைசி வரியில் 8²-ஐ 16 என்று எழுதிவிட்டதால் இறுதி விடை தவறு. அதற்கான மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு படிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். இரு பக்கங்களின் நகலையும் இணைத்துள்ளேன். தங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.”

பக்க எண், படி, கேட்கும் அளவு மூன்றும் இதில் இருப்பதால் விரிவுரையாளர் தேட வேண்டிய வேலை இல்லை. பிழையைத் தானே காட்டிக்கொடுத்திருப்பது பணிவுக்காக மட்டுமல்ல. எந்த வரிவரை சரி, எந்த வரியில் சறுக்கல் என்று மாணவருக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. “நண்பனுக்கு 8 போட்டிருக்கிறீர்கள்”, “இரண்டு மதிப்பெண் வந்தால் பாஸ்” போன்ற வரிகளால் ஆறாம் பக்கம் மாறிவிடாது. முதலாவது நண்பனின் மதிப்பெண்ணையும் ஆபத்தில் மாட்டிவிடும்.

அதே வகுப்பில் ஒரு மாணவிக்கு அதே கேள்விக்கு 3 வந்திருக்கிறது. அவருடைய சறுக்கல் வேறு மாதிரி. (12 − 2x)²-ஐ வகையிடும்போது சங்கிலி விதிப்படி உள்ளிருந்து வர வேண்டிய −2-ஐ விட்டுவிட்டார். அதனால் V′ = 12(12 − 2x) ஆகிவிட்டது. விடை x = 6. இரண்டாம் வகைக்கெழு −24, ஆகவே பெருமம் என்றும் எழுதிவிட்டார். பெட்டியின் ‘அதிகபட்ச’ கன அளவு பூச்சியம்! பிந்தைய படிகள் எல்லாம் தன் வகைக்கெழுவுக்கு ஏற்பச் சரியாகத்தானே போட்டிருக்கிறேன், அதற்கு மதிப்பெண் கிடையாதா என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். முன்படியில் செய்த பிழைக்கு ஒருமுறைதான் தண்டனை, அதிலிருந்து முறையாகத் தொடர்ந்தால் பின்படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்ற மரபு பல இடங்களில் இருக்கிறது. ஐ.பி. எனப்படும் சர்வதேசப் பள்ளித் திட்டத்தின் கணித விடைக்குறிப்புகளில் முறைக்கு M, விடைக்கு A என்று தனித்தனியாகக் குறிப்பதோடு, இப்படித் தொடர்ந்து வரும் மதிப்பெண்ணுக்கு FT என்று தனி அடையாளமும் உண்டு. ஆனால் பிழையால் கணக்கு மிகவும் எளிதாகிவிட்டால் அந்த மதிப்பெண்ணைக் குறைக்கலாம் என்றும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. இந்த மாணவி விஷயத்தில் நடந்தது அதுதான். தீர்க்க வேண்டிய இருபடிச் சமன்பாடு ஒரே வரியில் முடியும் சமன்பாடாகச் சுருங்கிவிட்டது. இரண்டு மூலங்களில் ஒன்றைத் தள்ளும் வேலையே வரவில்லை. போதாததற்கு, பெட்டியே இல்லாத அளவைப் பெருமம் என்று நிறுவியிருக்கிறார்.

எனவே அவர் எழுதும் கடிதம் கோரிக்கையாக இருக்க முடியாது, கேள்வியாகத்தான் இருக்க முடியும்: “வகையிடலில் பெருக்கல் விதியைச் சரியாகப் பயன்படுத்தியதற்கும், பிழையிலிருந்து தொடர்ந்து வந்த படிகளுக்கும் இந்தத் தேர்வின் விடைக்குறிப்பில் மதிப்பெண் உண்டா?” ஒன்று கூடலாம், கூடாமலும் போகலாம். அது விரிவுரையாளர் முன்கூட்டியே எடுத்த முடிவைப் பொறுத்தது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டிருந்தால் இவருக்காக மட்டும் அவர் அதை மாற்றவும் முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டுதான் கடிதம் கொடுக்க வேண்டும். திரும்பப் பார்க்கும்போது கண்ணில் படுவது விடுபட்ட படி மட்டுமாக இருக்காது. ஐந்தாம் பக்கத்தில் தவறாக விழுந்த ‘டிக்’கும் தெரியலாம், மதிப்பெண் குறையவும் கூடும். இன்டர்னல் மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே கடிதம் சேர வேண்டும். விடைத்தாள் கைக்கு வந்த பிறகு அதில் ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது. அடித்தல் திருத்தல் தெரிந்தால் அப்புறம் ஆறாம் பக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.