ஜாலிக்கு மேலே இரண்டு அங்குலம், கீழே இரண்டு அங்குலம்

அக்கா வீட்டு பாத்ரூமில் யார் குளித்தாலும் கதவோரம் தண்ணீர் தேங்கி நிற்கும். கடைசியாகக் குளித்தவர் வைப்பரால் அதை ஜாலிப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். வீடு கட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வேறு. "பினாயில் ஊத்தி ஊத்திச் சலிச்சுப் போச்சுடா தம்பி" என்றார் அக்கா.

இரண்டடி ரசமட்டமும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எட்டடிக்கு ஐந்தடி அறை. ஒரு மூலையில் கதவு, அதற்கு நேர் எதிர் மூலையில் ஜாலி. கதவருகே மட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. அந்த இடத்தில் வாட்டமே இல்லை என்று அர்த்தம். மூன்றடி தள்ளிப் போன பிறகுதான் தரை லேசாக இறங்கத் தொடங்கியது. ஜாலியின் விளிம்போ சுற்றியிருந்த டைல்ஸைவிட நெல்மணி அளவு உயர்ந்து நின்றது. எப்படியோ அதுவரை வந்துசேரும் தண்ணீரும் உள்ளே விழாமல் ஜாலியைச் சுற்றி வளையமாக நின்றது.

டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் மேல்தான் எல்லோரும் பழிபோட்டார்கள். ஆனால் டைல்ஸ் ஒட்டுகிற நாளில் வாட்டத்தை முடிவுசெய்ய முடியாது. தரைக்குள் ட்ராப்பைப் பதித்து பைப்பை இணைத்த நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. பிளம்பர் வெறும் கான்கிரீட்டைப் பார்த்து உத்தேசமாக ஓர் உயரத்தில் ட்ராப்பை வைத்துவிட்டுப் போகிறார். ஒன்றிரண்டு மாதம் கழித்து வரும் கொத்தனாருக்குக் கதவின் உயரமும் நகராது, ட்ராப்பின் உயரமும் நகராது. இரண்டுக்கும் நடுவே என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் அவருக்குக் கிடைக்கும் வாட்டம். அக்கா வீட்டில் மிஞ்சியது வெறும் 14 மில்லிமீட்டர்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளியலறைத் தரைக்கு 80-க்கு 1 என்ற வாட்டம் நன்றாக வேலை செய்யும். 80 சென்டிமீட்டர் போனால் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஷவருக்கு நேர் கீழே மட்டும் 60-க்கு 1 என்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வாட்டம் 100-க்கு 1-க்கும் கீழே போனால் டைல்ஸ் ஒட்டுவதில் வரும் சின்ன ஏற்ற இறக்கமே தண்ணீரை நிறுத்திவிடும். 40-க்கு 1 என்று செங்குத்தாக்கினால் ஸ்டூல் ஆடும், சோப்புத் தண்ணீரில் வயதானவர்களின் கால் வழுக்கும். அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

அக்கா வீட்டில் கதவு மூலையிலிருந்து ஜாலி மூலைவரை குறுக்கே அளந்தால் ஏறக்குறைய 2.9 மீட்டர். 80-ஆல் வகுத்தால் 36 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே குறைவு. பாத்ரூம் தண்ணீர் ஹாலுக்குள் வராமலிருக்கக் கதவடியில் அரை அங்குல இறக்கம் கொடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால், ஹால் தரையைவிட ஜாலி இரண்டு அங்குலம் கீழே இருந்தாக வேண்டும். ட்ராப் பதிக்கும் நாளில் வீட்டுக்காரர் கையில் இருக்கவேண்டிய எண் இதுதான். டியூப் லெவல் பிடித்து, ஹாலில் முடிந்த தரை எந்த உயரத்துக்கு வரும் என்பதை பாத்ரூம் சுவரில் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே ஜாலியின் மேல்பரப்பு வரும்படி பிளம்பரிடம் காட்டிவிட வேண்டும். அறை பெரிதானால் இந்த அளவும் கூடும்.

"வாட்டத்தை டைல்ஸ் ஒட்டும்போது பாத்துக்கலாம் சார்" என்று சொல்பவர்களிடம் நான் விடாப்பிடியாக நிற்கும் இன்னொரு விஷயம் உண்டு. டைல்ஸ் மேற்பரப்பில் மட்டும் வாட்டம் இருந்தால் போதாது. கிரவுட் போட்ட இணைப்புகளின் வழியே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழே இறங்கும். வாட்டர்புரூஃபிங் பூசிய அடித்தளம் தட்டையாக இருந்தால், இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் சிமெண்ட் கலவைக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். சோப்பும் அழுக்கும் கலந்த அந்த ஈரம் சில மாதங்களில் மக்கிய வாடை அடிக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் அது போகாது. அதனால் முதலில் அடித்தளத்தையே ட்ராப்பை நோக்கிச் சரித்துப் பூசி, காய்ந்த பிறகு அதன் மேல் வாட்டர்புரூஃபிங் கொடுத்து, அதை ட்ராப்பின் கழுத்துவரை கொண்டுவந்து முடிக்க வேண்டும்.

டைல்ஸின் அளவும் இதில் சேர்த்தி. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் வளையாது. நான்கு பக்கமிருந்தும் ஜாலியை நோக்கி இறங்கும் தரையில் அதை ஒட்டினால், ஒரு முனை தூக்கிக்கொள்ளும் அல்லது நடுவே பள்ளம் விழும். ஓரடி டைல்ஸோ அதைவிடச் சிறியதோ வாட்டத்தோடு இணங்கிப் போகும். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் ஜாலி மூலையை நோக்கிக் குறுக்காக வெட்டி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு சுவரோரம் முழு நீளத்துக்கும் நீள ஜாலி வைத்து, தரை முழுவதையும் அந்த ஒரே பக்கம் சரித்துவிடலாம்.

இனி வாடைக்கு வருவோம். ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஒரு எல்போ, அதையடுத்து நேராக வெளியே சேம்பருக்குப் போகும் பைப். நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஜாலியோடு வந்த சின்ன பிளாஸ்டிக் கப்பில் முடி அடைத்துக்கொள்கிறது என்று, வீட்டைச் சுத்தம் செய்யும் அம்மா முதல் மாதமே அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அந்தக் கப் இருந்திருந்தாலும் அதில் நிற்கும் தண்ணீர் விரல்நுனி ஆழத்துக்கு மேல் இருந்திருக்காது.

ட்ராப் என்பது வாடையைப் பிடித்து வைக்கும் பொறி அல்ல. பைப்பை ஓரிடத்தில் கீழே வளைத்து மறுபடி மேலே ஏற்றினால் வளைவுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். புதுத் தண்ணீர் வந்தால் பழையதைத் தள்ளிக்கொண்டு போகும், காற்றால் மட்டும் அதைத் தாண்டி வர முடியாது. லண்டனில் இருந்த ஸ்காட்லாந்துக் கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைந்த குழாயைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். நம் கடைகளில் 'நானி ட்ராப்' என்று கேட்டு வாங்குவதும் அதே வழியில் வேலை செய்வதுதான். மராத்தியில் குளிக்கும் இடத்தைக் குறிக்கும் 'ந்ஹாணி' என்ற சொல் நம் பிளம்பர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்றுதான். தண்ணீர் ஊற்றி நிரப்பியதும், காற்றை மறிக்கும் தண்ணீரின் ஆழம் குறைந்தது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். பிளம்பர்கள் இதை 'வாட்டர் சீல்' என்பார்கள். கடையிலேயே ஒரு மக் தண்ணீர் கேட்டு ஊற்றி, குச்சி விட்டுப் பார்த்துவிடலாம். ஆழம் ஏன் முக்கியம் என்றால், இந்தத் தண்ணீர் பல வழிகளில் குறையும். ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தால், சித்திரை வெயிலில் தானாகவே வற்றும். வளைவின் மேல் கிடக்கும் ஒரு கொத்து முடி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மறுபக்கம் இழுத்துவிடும். மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது பொதுப் பைப்பில் விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால், கீழ்வீட்டு ட்ராப்பில் நிற்கும் தண்ணீரும் உறிஞ்சப்படும். அப்போது ஜாலிக்குள்ளிருந்து 'குளுக் குளுக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும் வீட்டில் கழிவுப் பைப்புக்கு மொட்டைமாடிக்கு மேல்வரை போகும் வென்ட் பைப் இல்லை, அல்லது இருந்தும் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா? இரவில் ஜாலியின் மேல் பாலிதீன் விரித்து, அதன் மேல் ஈரத்துணியை அழுத்தி வைத்துவிடுங்கள். காலையில் வாடை இல்லையென்றால் குற்றவாளி ட்ராப். அப்போதும் வாடை இருந்தால் கமோட்டின் அடி இணைப்பையோ டைல்ஸுக்கு அடியில் ஊறிய ஈரத்தையோ பார்க்க வேண்டும். ட்ராப்தான் என்று தெரிந்தால் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். வாடை அடங்கி, பல நாள் கழித்துத் திரும்பினால் தண்ணீர் வற்றுகிறது. அன்றைக்கே திரும்பினால் உறிஞ்சப்படுகிறது. அடங்கவே இல்லையென்றால் அக்கா வீட்டைப் போல ட்ராப்பே இல்லை.

வற்றுவதற்கு வைத்தியம் சுலபம். வாஷ்பேசின் தண்ணீரைத் தரை ட்ராப்பின் பக்கவாட்டு வாய்க்குள் விழும்படி இணைத்துவிட்டால், கை கழுவும்போதெல்லாம் சீல் நிரம்பிக்கொள்ளும். பல வாய்கள் உள்ள ட்ராப் இதற்காகவே கிடைக்கிறது. வீட்டைப் பூட்டி ஊருக்குப் போகிறவர்கள் ட்ராப்பை நிரப்பி, மேலே இரண்டு ஸ்பூன் தையல் மிஷின் எண்ணெய் விட்டுவிட்டுப் போகலாம். மேலே படலமாக நிற்கும் எண்ணெய் தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் தானே சிக்கு நாற்றம் அடிக்கும்.

அக்கா வீட்டில் தரை டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க வேண்டியிருந்தது. அங்கே சங்கன் ஸ்லாப் என்பதால் ட்ராப்பை இறக்கக் கீழே இடம் இருந்தது. இல்லாதிருந்தால் கதவுப் பக்கத்தை உயர்த்தி, வாசலில் படி வைக்க நேர்ந்திருக்கும். எல்போவை அறுத்தெடுத்து, இரண்டு அங்குல சீல் உள்ள ட்ராப்பைப் பதித்தோம். அதில் ஜாலி முன்பு இருந்ததைவிட 22 மில்லிமீட்டர் கீழே வந்தது. பழைய 14-உடன் சேர்த்து 36. நான்கு சுவர்களிலிருந்தும் ஜாலிக்கு நூல் பிடித்து, நூலடியில் கலவைத் திட்டுகள் வைத்து, அதை ஒட்டி மேஸ்திரி அடித்தளத்தைப் பூசினார்.

ஓரடி டைல்ஸ் ஒட்டிய ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு வரிசையையும் சோதித்தோம். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. 8 மில்லிமீட்டர் கனமுள்ள உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை இரண்டடி ரசமட்டத்தின் தாழ்ந்த முனைக்கு அடியில் வையுங்கள். மட்டத்தை ஜாலியை நோக்கிப் பிடித்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நின்றால் வாட்டம் ஏறக்குறைய 75-க்கு 1. "இது நல்லாருக்கே சார்" என்று மேஸ்திரி அந்தத் துண்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜாலியின் விளிம்பை டைல்ஸைவிட ஒரு காசு கனம் கீழே இறக்கி வைத்தார்.

கிரவுட் போடுவதற்கு முன்பே கதவோரம் ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தோம். எங்காவது தேங்கினால் அந்த ஒரு டைல்ஸை மட்டும் எடுத்து மறுபடி ஒட்டிவிடலாம், கிரவுட் இறுகிய பிறகு அது பெரிய வேலை. தண்ணீர் விரிந்து, மூலையை நோக்கித் திரும்பி, ஜாலிக்குள் விழுந்தது. தரையில் மிஞ்சியது வெறும் ஈரமும் ஆங்காங்கே சில துளிகளும்தான். எந்த வாட்டத்திலும் அந்த அளவு ஒட்டிக்கொண்டு நிற்கும், அது காற்றில் காய வேண்டியதுதான்.

பிறகு மாடியில் குடியிருப்பவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லிவிட்டு, நானும் அக்காவும் ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தோம். ட்ராப்பில் நின்ற தண்ணீர் ஒருமுறை நடுங்கியது. மட்டம் இறங்கவில்லை.